விற்பனை லிஸ்டில் வற் வரியை வீதம் வீதமாகக் கூட்டுவது: முதலில் பிவட், பிறகு SUMIF

கேள்வி: "அண்ணா, கிளிநொச்சியில அப்பாவின்ர ஹார்ட்வெயார் கடைக் கணக்கை இப்ப நான்தான் பார்க்கிறன். 2023 ஏப்ரல் தொடக்கம் 2024 மார்ச் வரைக்குமான விற்பனை லிஸ்ட் எக்செல்ல ஒரே சீட்டில கிடக்கு, 640 நிரை. 15 வீதத்துக்கு எவ்வளவு வரி, 18 வீதத்துக்கு எவ்வளவு வரி எண்டு பிரிச்சுத் தரச் சொல்லிக் கணக்காளர் கேக்கிறார். SUMIF போட்டுப் பார்த்தன், ரெண்டையும் கூட்டினா மொத்த வரியோட பொருந்துதில்லை. பிவட் டேபிள்தான் நல்லமோ? எதைச் செய்யிறது?"

தங்கச்சி, இரண்டையும் செய்யுங்கள், ஆனால் ஒழுங்கு மாறக்கூடாது. முதலில் பிவட், அதற்குப் பிறகு SUMIF. நீங்கள் SUMIF ஐ முதலில் போட்டதால்தான் மாட்டிக்கொண்டீர்கள் என்று நினைக்கிறேன். SUMIF நீங்கள் கேட்டதை மட்டும் தேடிக் கூட்டும். "18% எவ்வளவு" என்று கேட்டால் 18% என்று கண்டதைக் கூட்டித் தந்துவிட்டு, பொருந்தாத நிரைகளைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாது. பிவட் அப்படி இல்லை, அந்த நிரலில் என்னென்ன கிடக்கிறதோ அத்தனையையும் வெளியே எடுத்துப் போடும். குப்பை எது என்று பார்க்க அது. குப்பையை எடுத்த பிறகு கணக்காளருக்குக் கொடுக்கும் தொகைக்கு SUMIF.

உங்கள் லிஸ்டில் ஏன் இரண்டு வீதம் வருகிறது என்பதைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பிழை எங்கே ஒளிந்திருக்கும் என்பது அதில்தான் இருக்கிறது. வற் 15% ஆக இருந்தது 2023 டிசம்பர் 31 வரைக்கும். 2024 ஜனவரி 1 இலிருந்து 18%. அதே நாளில் இன்னொன்றும் நடந்தது: அதுவரை விலக்கில் இருந்த கனக்கப் பொருட்கள் வரிக்குள் வந்தன, சமையல் காஸ் அதில் ஒன்று. கடையில் காஸ் சிலிண்டரும் விற்கிறீர்கள் என்றால், டிசம்பரில் விலக்காக இருந்த அதே பொருள் ஜனவரியில் 18% ஆகியிருக்கும். ஆகவே பொருளின் பெயரை வைத்து வீதத்தைப் பிரிக்கவே முடியாது. ஒவ்வொரு நிரையிலும் வீதம் தனி நிரலாக இருக்க வேண்டும். உங்கள் சீட்டில் அப்படி ஒரு நிரல் இருக்கிறது என்று கேள்வியிலிருந்து விளங்குகிறது, நல்லது.

640 நிரையில் விளக்கினால் கண் கட்டும். ஆறு நிரையை எடுத்துக்கொள்வோம். விளக்கத்துக்காக நான் போட்ட தொகைகள்தான், ஆனால் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வரக்கூடிய நாலு வகைச் சிக்கலும் இதற்குள் இருக்கிறது.

```
    A            B      C              D          E        F
1   திகதி        பில்    பொருள்          தொகை       வீதம்     வரி
2   28-12-2023   4411   சீமெந்து        100000     15%      15000
3   29-12-2023   4415   காஸ்            38000      விலக்கு   0
4   02-01-2024   4420   சீமெந்து        60000      18%      10800
5   03-01-2024   4423   காஸ்            20000      18%      3600
6   05-01-2024   CN07   கூரைத் தகடு     -12000     15%      -1800
7   06-01-2024   4430   பெயின்ட்        25000      18%      4500
```

D இல் இருப்பது வரி சேர்க்காத தொகை. F இல் பில்லில் எழுதிய வரி. ஆறாவது நிரை, அந்தக் கூரைத் தகடு, கழித்தல் குறியோடு ஏன் 15% இல் நிற்கிறது என்பதைக் கொஞ்சம் பிறகு சொல்கிறேன், இந்தக் கணக்கில் ஆட்கள் கூடுதலாகப் பிழை விடுகிற இடம் அதுதான்.

இனி பிவட். லிஸ்டுக்குள் ஏதாவது ஒரு கலத்தில் கிளிக் செய்து Ctrl+T அடியுங்கள், லிஸ்ட் ஒரு டேபிளாக மாறும். இதைச் செய்தால் பிறகு கீழே புது பில்களைச் சேர்க்கும்போது சூத்திரம் அவற்றைத் தானாகவே எடுத்துக்கொள்ளும், பிவட் Refresh கொடுத்தவுடன் எடுத்துக்கொள்ளும், செய்யாமல் விட்டால் 641 ஆவது நிரை கணக்குக்கு வெளியே நிற்கும். அப்புறம் Insert போய் PivotTable, புது சீட்டில் வைக்கச் சொல்லி OK. வலப்பக்கம் பெயர்கள் வரும். வீதத்தை Rows க்கு இழுங்கள், தொகையையும் வரியையும் Values க்கு இழுங்கள். திகதியை Columns க்கு இழுத்து, வந்த திகதி ஒன்றில் வலது கிளிக் செய்து Group ஐத் தெரிந்து Quarters, Years இரண்டையும் தெரிவு செய்யுங்கள். எங்கள் வற் காலாண்டுகள் மார்ச், ஜூன், செப்டெம்பர், டிசம்பர் முடிவுகளில்தான் முடிகின்றன, எக்செல் பிரிப்பதும் அப்படியே, அதனால் வேறு எதுவும் மாற்றத் தேவையில்லை. Years ஐ விட்டால் வேறு வேறு ஆண்டுகளின் காலாண்டுகள் ஒன்றாகக் கலந்துவிடும்.

Values க்குள் இழுத்தவுடன் முதலில் பார்க்க வேண்டியது தலைப்பில் Sum of வரி என்று இருக்கிறதா, Count of வரி என்று இருக்கிறதா என்பது. Count என்று வந்தால் அதை வெறுமனே Sum ஆக மாற்றிவிட்டுப் போகாதீர்கள். அது எக்செல் உங்களுக்குச் சொல்லும் செய்தி: வரி நிரலில் எங்கேயோ வெறுங்கலம் இருக்கிறது, அல்லது எண் மாதிரித் தெரிகிற எழுத்து இருக்கிறது. "ரூ. 4,500" என்று யாரோ அடித்திருப்பார்கள், அல்லது பில் போடும் மென்பொருளிலிருந்து எடுத்தபோது எண்ணுக்குப் பின்னால் ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். கண்ணுக்கு 4500, எக்செலுக்கு அது வெறும் சொல். SUMIF அதைக் கூட்டாது, SUM உம் கூட்டாது, பிழைச் செய்தியும் வராது.

இதைச் சோதிக்க ஒரு சின்ன வழி:

```
=COUNTA(F2:F641)
=COUNT(F2:F641)
```

முதலாவது நிரம்பிய கலங்கள் எத்தனை என்று எண்ணும், இரண்டாவது உண்மையான எண்கள் எத்தனை என்று எண்ணும். உங்கள் 640 நிரைக்கும் இரண்டிலும் 640 வர வேண்டும். இரண்டாவதில் 612 வந்தால் 28 நிரைகளின் வரி கணக்கில் இல்லை. F நிரலைத் தெரிவு செய்து Data இல் Text to Columns போய் நேரே Finish அழுத்தினால் பெரும்பாலானவை எண்ணாக மாறிவிடும். "ரூ." ஒட்டியிருந்தால் முதலில் Find and Replace இல் அதை எடுத்துவிட வேண்டும், அதற்குப் பின்னுள்ள இடைவெளியையும் சேர்த்து. திகதி நிரலுக்கும் தொகை நிரலுக்கும் இதே சோதனையைச் செய்யுங்கள்.

சரி, இப்போது பிவட்டின் இடப்பக்கத்தைப் பாருங்கள். மூன்று நிரைகள்தான் இருக்க வேண்டும்: 15%, 18%, விலக்கு. நான்காவது ஒன்று வந்தால் அநேகமாக அதுதான் உங்கள் "பொருந்துதில்லை" க்குக் காரணம். நான் பார்த்தவரையில் அது மூன்று விதமாக வரும்.

ஒன்று, 18 என்று வெறும் எண். எக்செலுக்கு 18% என்பது 0.18. நிரல் ஏற்கெனவே வீத வடிவத்தில் இருந்தால் 18 என்று அடித்தாலும் அது 18% ஆக எடுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் பதினெட்டு என்றே வைத்துக்கொள்ளும். கடையில் இரண்டு பேர் மாறி மாறிப் பதிந்த லிஸ்டில் 0.18 உம் 18 உம் கலந்து கிடக்கும். 18% ஐத் தேடும் SUMIF க்கு அந்தப் பதினெட்டுகள் கண்ணிலேயே படாது.

இரண்டு, எழுத்தாக இருக்கும் "18%", அல்லது பின்னால் இடைவெளி ஒட்டிய "விலக்கு ". பிவட் இவற்றைத் தனித் தனி நிரையாகக் காட்டிவிடும்.

மூன்றாவது கண்டுபிடிக்கக் கஷ்டமானது, நானே ஒரு இரவு முழுக்க இருந்து தேடியிருக்கிறேன். வவுனியாவில் ஒரு கடைக்குக் கணக்கு எழுதும்போது அவர்களுடைய பில் மென்பொருள் தொகையையும் வரியையும் மட்டும் தந்தது, வீதத்தைத் தரவில்லை. நான் வரியைத் தொகையால் வகுத்து வீதத்தை எடுத்தேன், நிரலை வீத வடிவத்துக்கு மாற்றினேன், எல்லாம் அழகாக 18% என்று நின்றது. SUMIF போட்டால் அரைவாசி கூட வரவில்லை. காரணம் சதம். 333.33 ரூபா சாமானுக்கு 18% வரி 59.9994, பில்லில் அது 60.00 என்று பதிவாகும். 60 ஐ 333.33 ஆல் வகுத்தால் 0.18 வராது, 0.180002 அளவில் வரும். திரையில் 18%, உள்ளே வேறு எண். பிவட் போட்ட பிறகுதான் 18% என்பது ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக எத்தனையோ தரம் வந்து நின்றதைக் கண்டேன். தீர்வு ஒரு சூத்திரம்தான்:

```
=ROUND(F2/D2,2)
```

உங்கள் வீத நிரலில் ஒரு கலத்தைக் கிளிக் செய்து மேலே சூத்திரப் பட்டையைப் பாருங்கள். அங்கே 18% என்று இருந்தால் பரவாயில்லை, =F2/D2 என்று இருந்தால் இந்தச் சிக்கல் உங்களுக்கும் உண்டு. இந்த ROUND விலக்கு நிரைகளில் 0 என்று தரும், அவற்றில் மட்டும் கையால் "விலக்கு" என்று எழுதிவிடுங்கள்.

விலக்கு ஏன் தனிச் சொல்லாக இருக்க வேண்டும், 0 என்று போட்டால் என்ன என்று கேட்பீர்கள். வரி இரண்டுக்கும் பூச்சியம்தான். ஆனால் பூச்சிய வீதம் என்பது சட்டத்தில் வேறு, விலக்கு என்பது வேறு. ஏற்றுமதி மாதிரியானவை பூச்சிய வீதம், அங்கே வாங்கிய பொருளுக்குக் கட்டிய வரியை மீளக் கோரலாம். விலக்குப் பொருளுக்கு அது முடியாது. கணக்காளர் இரண்டையும் வேறு வேறு இடங்களில் எழுதுவார். நீங்கள் இரண்டையும் 0 என்று போட்டுவிட்டால் அவர் பில்களைத் திரும்ப முதலிலிருந்து பார்க்க வேண்டிவரும்.

இனிப் பிவட்டின் மேல்பக்கம், காலாண்டுகள். எனக்கு இந்த அட்டவணையில் பிடித்த இடம் இது. 18% நிரைக்கு நேரே 2023 இன் மூன்று காலாண்டுக் கலங்களும் வெறுமையாக இருக்க வேண்டும், அந்த வீதம் அப்போது இல்லவே இல்லை. 15% நிரைக்கு நேரே 2024 இன் முதல் காலாண்டில் ஏதாவது இருந்தால் அது கழித்தல் தொகையாக மட்டும்தான் இருக்கலாம். எங்கள் ஆறு நிரையில் அங்கே -1800 நிற்கும். கூட்டல் தொகை ஒன்று அங்கே நின்றால், ஜனவரிக்குப் பிறகு யாரோ பழைய வீதத்தில் பில் போட்டிருக்கிறார்கள், அல்லது திகதி பிழை. அந்தத் தொகையின் மேல் இரட்டைக் கிளிக் செய்யுங்கள். எக்செல் ஒரு புதுச் சீட்டைத் திறந்து, அந்த ஒரு தொகைக்குள் இருக்கும் நிரைகளை மட்டும் பில் இலக்கத்தோடு எடுத்து வைக்கும். 640 இல் தேடத் தேவையில்லை, மூன்றோ நாலோ பில் புத்தகத்தைப் புரட்டினால் போதும்.

Group செய்ய முடியாது என்று எக்செல் மறுத்தால் திகதி நிரலில் எழுத்து இருக்கிறது என்று அர்த்தம். இது எங்கள் பக்கம் அடிக்கடி நடக்கும். நாங்கள் நாள், மாதம், ஆண்டு என்று எழுதுகிறோம், புதிதாக வாங்கிய மடிக்கணினி அமெரிக்க அமைப்பில் மாதத்தை முதலில் எதிர்பார்க்கிறது. 28/12/2023 என்று அடித்தால் 28 ஆவது மாதம் இல்லாததால் அது எழுத்தாக நின்றுவிடும், அதுவாவது பிடிபடும். 05/01/2024 என்று அடித்தால் சத்தமில்லாமல் மே 1 ஆக மாறிவிடும், அதுதான் மோசமானது. உங்கள் லிஸ்ட் 2024 மார்ச்சோடு முடிகிறது. பிவட்டில் 2024 இன் இரண்டாம், மூன்றாம், நான்காம் காலாண்டு என்று ஒரு நிரல் தெரிந்தால் இதுதான் நடந்திருக்கிறது.

இப்போது அந்தக் கூரைத் தகட்டுக்கு வருகிறேன். டிசம்பர் கடைசியில் ஒருவர் கூரை வேலைக்குத் தகடு எடுத்துப் போகிறார், காலபோக மழை விடாமல் பெய்கிறது, வேலை குறைகிறது, ஜனவரி 5 ஆம் திகதி மிச்சத் தகடுகளைத் திருப்பிக் கொண்டு வருகிறார். 12,000 ரூபாச் சாமான். நீங்கள் அவருக்கு டிசம்பரில் வாங்கிய வரி 15%, அதாவது 1,800. ஆகவே கிரெடிட் நோட்டில் திருப்ப வேண்டியதும் 1,800. ஜனவரி பிறந்துவிட்டது என்று 18% போட்டால் 2,160 வரும், வாங்காத 360 ரூபாவைக் கழித்ததாக ஆகிவிடும். ஒரு நோட்டில் 360 தான், ஆனால் ஜனவரி முழுக்கத் திரும்பி வந்த சாமான் எல்லாவற்றிலும் இப்படிப் போட்டால் 18% தொகை நன்றாகவே இறங்கும், 15% தொகை அந்த அளவுக்கு ஏறித் தெரியும்.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், கூட்டல் சோதனை எதுவும் இந்தப் பிழையைப் பிடிக்காது. -12,000, 18%, -2,160 என்ற நிரை தன்னளவில் சரியான நிரை. தொகையை வீதத்தால் பெருக்கினால் வரி சரியாக வரும், மொத்தமும் பொருந்தும். பிடிப்பதற்கு ஒரே வழி, எந்தத் திகதி பில்லின் வீதம் அந்த நிரைக்குப் பொருந்துமோ அந்தத் திகதியைத் தனியாக எழுதுவது. G இல் "வீதத் திகதி" என்று ஒரு நிரல் போடுங்கள். எல்லா நிரைக்கும் =A2 என்று இழுத்துவிட்டு, கிரெடிட் நோட் நிரைகளில் மட்டும் அதை அழித்து முதல் பில்லின் திகதியைக் கையால் அடியுங்கள். கிரெடிட் நோட்டில் முதல் பில்லின் இலக்கம் எழுதியிருப்பீர்கள், அதை வைத்துத் திகதியை எடுக்கலாம். எழுதாத பழக்கம் இருந்தால் அதை இன்றே தொடங்குங்கள். அப்புறம் H2 இல்:

```
=IF(AND(ISNUMBER(E2),E2>0,E2<>IF(G2<DATE(2024,1,1),0.15,0.18)),"பார்","")
```

இதைக் கீழே வரை இழுத்தால், வீதமும் திகதியும் ஒத்துப்போகாத நிரைகளில் மட்டும் "பார்" என்று வரும். விலக்கு நிரைகளை அது தொடாது, ISNUMBER அதற்காகத்தான். காஸ் மாதிரிப் பொருட்களை மட்டும் இது முழுதாகக் காப்பாற்றாது: ஜனவரிக்குப் பிறகும் யாராவது பழக்க தோஷத்தில் காஸுக்கு விலக்கு என்று போட்டிருந்தால் "பார்" வராது. அதற்குப் பிவட்டில் பொருளின் பெயரையும் Rows இல் வீதத்துக்குக் கீழே இழுத்துவிட்டு, விலக்கு என்ற தலைப்பின் கீழ் 2024 காலாண்டில் எந்தெந்தப் பொருள் நிற்கிறது என்று ஒருதரம் பாருங்கள். அங்கே காஸ் நிற்கக்கூடாது.

இவ்வளவும் முடிந்த பிறகு SUMIF. ஒரு நிரலை வெறுமையாக விட்டு, J2 இல் 15%, J3 இல் 18%, J4 இல் விலக்கு என்று எழுதுங்கள். K தொகைக்கு, L வரிக்கு.

```
K2:  =SUMIF($E$2:$E$7,J2,$D$2:$D$7)
L2:  =SUMIF($E$2:$E$7,J2,$F$2:$F$7)
L5:  =SUM(F2:F7)-SUM(L2:L4)
```

எங்கே தேட வேண்டும், எதைத் தேட வேண்டும், எதைக் கூட்ட வேண்டும், அந்த ஒழுங்கில் மூன்று துண்டு. டொலர் குறி எதற்கு என்றால், K2 ஐக் கீழே இழுக்கும்போது J2 மட்டும் J3, J4 என்று நகர வேண்டும், வீச்சுகள் அசையக்கூடாது. உங்கள் சீட்டில் 7 க்குப் பதில் 641. எங்கள் ஆறு நிரைக்கு வரும் விடை இது: 15% க்குத் தொகை 88,000, வரி 13,200. 18% க்குத் தொகை 105,000, வரி 18,900. விலக்கு 38,000, வரி இல்லை. வரியின் மொத்தம் 32,100, L5 இல் பூச்சியம். பூச்சியம் வராவிட்டால் J இல் இல்லாத வீதம் ஒன்று லிஸ்டில் இன்னும் கிடக்கிறது, திரும்பப் பிவட்டுக்குப் போங்கள்.

வீச்சை எழுதும்போது இரண்டும் ஒரே நிரையில் தொடங்கி ஒரே நிரையில் முடிகிறதா என்று கட்டாயம் பாருங்கள். முதலாவது E2 இல் தொடங்கி, கூட்டும் வீச்சு F1 இல் தொடங்கினால் SUMIF பிழை என்று சொல்லாது. ஒவ்வொரு வீதத்துக்கும் ஒரு நிரை மேலே உள்ள வரியை எடுத்துக் கூட்டிவிட்டு அமைதியாக இருக்கும். எங்கள் ஆறு நிரையில் இப்படிச் செய்து பார்த்தால் 18% க்கு 10,800 + 3,600 + 4,500 என்று வர வேண்டிய இடத்தில் 0 + 10,800 − 1,800 என்று கூட்டி 9,000 தரும். SUMIFS என்று எஸ் போட்ட சூத்திரம் இந்த இடத்தில் நல்லது, வீச்சுகள் ஒரே அளவாக இல்லாவிட்டால் #VALUE! என்று காட்டிவிடும். அதில் கூட்ட வேண்டிய வீச்சு முதலில் வரும், அதை மட்டும் மறக்காதீர்கள். காலாண்டு வாரியாகவும் வேண்டும் என்றால் எப்படியும் SUMIFS தான் தேவை:

```
=SUMIFS($F$2:$F$641,$E$2:$E$641,J2,$A$2:$A$641,">="&DATE(2024,1,1),$A$2:$A$641,"<"&DATE(2024,4,1))
```

இங்கே A ஐத்தான் எடுத்திருக்கிறேன், G ஐ அல்ல. கிரெடிட் நோட் எழுதிய காலாண்டில் அது கணக்கில் வரும், வீதம் மட்டும்தான் பழைய பில்லினுடையது.

இன்னொரு சோதனை, M2 இலும் M3 இலும் மட்டும்:

```
=L2-ROUND(K2*J2,2)
```

எங்கள் உதாரணத்தில் இரண்டிலும் பூச்சியம். உங்கள் 640 நிரையில் சில சதங்களோ ஒன்றிரண்டு ரூபாவோ வித்தியாசம் வரும், அது பில்லுக்குப் பில் சதத்தை முழுதாக்கியதால் வருவது, விட்டுவிடுங்கள். நூற்றுக்கணக்கில் வித்தியாசம் வந்தால் ஒரு பில்லில் வரி பிழையாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது. அதற்கு முதல் சந்தேகம், வரி சேர்ந்த விலையில் விற்ற சாமான்கள். காஸ் மாதிரி வரியோடு சேர்த்து ஒரே விலை போட்டு விற்பதில், அந்த விலையை 18% ஆல் பெருக்கக்கூடாது. 11,800 ரூபாவுக்கு விற்ற ஒன்றில் தொகை 10,000, வரி 1,800. நேரே பெருக்கினால் 2,124 வரும், வாங்காத 324 ரூபாவைக் கையால் கட்ட வேண்டிவரும். வரி சேர்ந்த விலை N நிரலில் இருந்தால் வரிக்குச் சூத்திரம் இது, தொகை என்பது N இலிருந்து அதைக் கழித்தது:

```
=ROUND(N2*E2/(1+E2),2)
```

பிவட்டைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது. லிஸ்டில் ஒரு பிழையைத் திருத்தினால் SUMIF உடனே மாறும், எக்செலின் பிவட் மாறாது. அதன் மேல் வலது கிளிக் செய்து Refresh கொடுத்தால்தான் மாறும். இதனால்தான் கணக்காளருக்குப் போகும் தொகையை நான் பிவட்டிலிருந்து எழுதுவதில்லை. திருத்திவிட்டு Refresh ஐ மறந்து பழைய தொகையை அனுப்பிவிடும் நிலை ஒருநாள் நிச்சயம் வரும். கூகுள் சீட்ஸில் வேலை செய்கிறீர்கள் என்றால் அங்கே பிவட் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும், மற்றப்படி SUMIF எழுதும் முறை ஒன்றுதான்.

லிஸ்டில் Filter போட்டு 18% ஐ மட்டும் காட்டிவிட்டு SUMIF ஐப் பார்த்தால் தொகை மாறவில்லையே என்று குழம்பவும் வேண்டாம். SUMIF மறைந்திருக்கும் நிரைகளையும் சேர்த்துத்தான் கூட்டும், அது சரியான நடத்தைதான்.

அடுத்த காலாண்டிலிருந்து இந்தத் துப்புரவு வேலை வராமல் இருக்க, வீத நிரலை முழுக்கத் தெரிவு செய்து Data இல் Data Validation போய் List ஐத் தெரிந்து, Source இல் =$J$2:$J$4 என்று கொடுத்துவிடுங்கள். கடையில் யார் பதிந்தாலும் அந்த மூன்றில் ஒன்றைத்தான் தெரிவு செய்ய முடியும், SUMIF தேடுவதும் அதே மூன்று கலத்தைத்தான். வேறு இடத்திலிருந்து கொண்டுவந்து ஒட்டினால் மட்டும் இந்தக் காவல் வேலை செய்யாது, அதனால் பில் மென்பொருளிலிருந்து எடுத்து ஒட்டிய மாதங்களுக்குப் பிவட்டை ஒருதரம் போட்டுப் பாருங்கள்.

கணக்காளருக்கு அனுப்பும்போது J இலிருந்து L வரையான அந்தச் சின்ன அட்டவணையோடு, பிவட்டில் 2024 முதல் காலாண்டின் 15% தொகையில் இரட்டைக் கிளிக் செய்து வரும் சீட்டையும் அச்செடுத்துக் கொடுங்கள். "ஜனவரியில் ஏன் 15%" என்றுதான் அவர் முதலில் கேட்பார். அந்தச் சீட்டில் இருக்கும் ஒவ்வொரு நிரைக்கும் உரிய கிரெடிட் நோட்டைப் பின்னால் குத்தி வைத்தால் அந்தக் கேள்விக்குப் பதில் கையிலேயே இருக்கும்.